கிளிநொச்சியிலிருந்து மட்டக்களப்பு வரை: நெடுந்தூர மோட்டார் சைக்கிளை ஓடிப் பார்த்துத் தெரிவு செய்வது எப்படி

என் தங்கச்சியைக் கட்டிய மச்சானின் வீட்டுக்கு மட்டக்களப்பில் பெண் எடுத்த நாளிலிருந்து வருடத்தில் நாலைந்து தரம் அந்தப் பயணம் இருக்கிறது. கிளிநொச்சியில் வெளிக்கிட்டு ஏ9 வீதியால் வவுனியா, அங்கிருந்து ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலை, பிறகு கிண்ணியா, மூதூர் தாண்டி ஏ15 வீதியால் மட்டக்களப்பு. ஏறக்குறைய 310 கிலோமீற்றர். பஸ்ஸில் போனால் இடையில் மாற வேண்டும், ஒரு நாள் போய்விடும். தங்கச்சியும் தானும் மோட்டார் சைக்கிளில்தான் போவது என்று மச்சான் முடிவெடுத்து, எந்த வண்டி என்று என்னிடம் கேட்டார். அவர் முன் மூன்று தெரிவுகள் இருந்தன. என்னிடம் பல வருடமாக நிற்கும் பல்சர் 150 போன்ற ஒன்று, சிநேகிதர் ஒருவர் விற்க இருந்த ஹிமாலயன் 411, இன்னொருவரின் டொமினார் 400.

மூன்றையும் ஒரே வீதியில், இருவர் ஏறி, ஒரே சாமானைக் கட்டி ஓடிப் பார்த்தோம். அந்தச் சோதனையை எப்படிச் செய்தோம், எதை அளந்தோம், எங்கே பிழைத்தோம் என்பதை வரிசையாக எழுதுகிறேன். உங்கள் தெரிவில் இருப்பது வேறு வண்டிகளாக இருந்தாலும் அளக்கும் முறை மாறாது.

முதலில் ஒரு சோதனை வீதி

கடை வாசலில் ஏறி இருந்து பார்ப்பதாலோ, பக்கத்து ஒழுங்கையில் ஒரு சுற்று ஓடுவதாலோ நெடுந்தூரப் பயணத்துக்கான எதுவும் தெரியவராது. குறைந்தது 200 கிலோமீற்றர் வேண்டும். வன்னியில் அதற்கு நல்ல வட்டம் ஒன்று இருக்கிறது: கிளிநொச்சியிலிருந்து பரந்தன், அங்கே வலப்பக்கம் திரும்பி ஏ35 வீதியால் புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு. பிறகு ஏ34 வீதியால் ஒட்டுசுட்டான், மாங்குளம். மாங்குளத்திலிருந்து தெற்கே வவுனியா போய், ஏ9 வழியாகவே திரும்பிக் கிளிநொச்சி. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 230 கிலோமீற்றர். இதில் நேர் வீதி, வளைவு, காடு, வயல்வெளி, சந்தை நெரிசல் எல்லாம் வரும். காற்றைச் சோதிக்க விரும்பினால் பரந்தனில் திரும்பாமல் ஆனையிறவு வரை போய்விட்டு வாருங்கள். இன்னும் இருபது கிலோமீற்றருக்குள்தான்.

விற்பவர் 230 கிலோமீற்றர் ஓடத் தரமாட்டார் என்று நினைப்பீர்கள். பெற்றோலும் போட்டு, அவரையும் பின்னால் ஏற்றிக்கொண்டு போவதாகச் சொன்னால் பலர் சம்மதிப்பார்கள். எங்களுக்கு டொமினார்க்காரர் அப்படித்தான் வந்தார். அவர் தன் வண்டியில் பின்னால் இருந்து பார்த்ததே அன்றைக்குத்தானாம்.

பெற்றோல்: லீற்றரை அல்ல, தூரத்தை அளவுங்கள்

டாங்கி எத்தனை லீற்றர் என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். பல்சர் 150-க்கு 15 லீற்றர். ஹிமாலயன் 411-க்கும் 15 லீற்றர்தான். டொமினாருக்கு 13. முதல் இரண்டும் ஒன்று என்று இந்த எண்கள் சொல்கின்றன. வீதியில் அவை ஒன்றாக இருக்கவில்லை.

அளக்கும் முறை இதுதான். செட்டில் வண்டியை டபுள் ஸ்டாண்டில் நிமிர்த்தி நிறுத்துங்கள். சாய்த்து நின்றால் டாங்கிக்குள் காற்று தங்கி அரை லீற்றருக்கு மேல் வித்தியாசம் காட்டலாம். டொமினாருக்கு டபுள் ஸ்டாண்ட் இல்லை, ஆகவே ஒருவர் நேராகப் பிடித்துக்கொள்ள வேண்டும். வாய்க்குள் ஒரு அடையாளம் பார்த்துக்கொண்டு, உதாரணமாக உள்விளிம்பின் கீழ்த்தகடு வரை, நிரப்புங்கள். ட்ரிப் மீற்றரைப் பூச்சியமாக்குங்கள். அந்த அளவுக்கு நிரப்பிய வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகவேண்டாம். பெற்றோல் சூட்டில் விரிந்து மூடியால் கசியும். உடனே ஓடத் தொடங்குங்கள். வட்டம் முடிந்ததும் அதே செட்டில், முடிந்தால் அதே பம்பில், அதே அடையாளம் வரை நிரப்பி, ஓடிய தூரத்தை ஏறிய லீற்றரால் பிரியுங்கள்.

இருவரும் சாமானும் ஏறிய நிலையில், 65 முதல் 70 கிலோமீற்றர் வேகத்தில், எங்களுக்கு வந்த கணக்கு: பல்சர் லீற்றருக்கு 40, ஹிமாலயன் 29, டொமினார் 28. ஒரு பக்கக் கண்ணாடியை மாற்றினாலே இந்த எண்கள் ஆடும், ஆகவே இவற்றை உங்கள் வண்டிக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இனி டாங்கி முழுவதையும் கணக்கில் எடுக்கக்கூடாது. கடைசி இரண்டு இரண்டரை லீற்றரை இல்லை என்றே வையுங்கள். அப்படிக் கழித்தால் பல்சரில் 12.5 லீற்றர், 500 கிலோமீற்றர். ஹிமாலயனில் அதே 12.5 லீற்றர், ஆனால் 360 சொச்சம். டொமினாரில் 11 லீற்றர், 308 கிலோமீற்றர். மட்டக்களப்புத் தூரமும் அதுதான், ஆகவே அந்த வண்டியில் இடையில் எங்கேயாவது நிரப்பித்தான் ஆகவேண்டும்.

கழித்து வைக்கும் அந்த இரண்டு லீற்றருக்குக் காரணம் வண்டிக்கு வண்டி வேறு. காபரேற்றர் வண்டியில் பெற்றோல் குழாயை றிசேர்வுக்குத் திருப்பினால் மிச்சம் வரும். ஆனால் நிரப்பிய பிறகு குழாயைத் திரும்பப் பழைய இடத்துக்கு மாற்ற மறப்பவர்கள் கனபேர். அடுத்த தரம் வண்டி நிற்கும்போது டாங்கியில் ஒரு துளியும் இராது. எனக்கு ஒட்டுசுட்டான் காட்டுக்குள் அப்படி நடந்து, மூன்று கிலோமீற்றர் தள்ளினேன். அதிலிருந்து டாங்கி மூடியைத் திறக்கும் கை மூடுவதற்கு முன் குழாயைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. இன்ஜெக்சன் வண்டியில் குழாயே இல்லை. அங்கே பெற்றோல் பம் டாங்கிக்குள்ளேயே மூழ்கி இருக்கிறது, அதைக் குளிர வைப்பதும் பெற்றோல்தான். அடிக்கடி வற்றவிட்டு ஓடினால் பம் சூடாகிக் கெடும், அதை மாற்றுவது மலிவான வேலை இல்லை.

பூநகரியிலிருந்து மன்னார் போகும் ஏ32 வீதியை ஒருமுறை ஓடியவருக்கு இது விளங்கும். வெள்ளாங்குளம் பக்கத்தில் நீண்ட தூரத்துக்கு ஒன்றும் இல்லை, இருட்டினால் மாடுகள்தான் வீதியில் இருக்கும். பெற்றோல் அட்டையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நாலு லீற்றர் என்று கிடைத்த 2022-ஐ மறக்காதவர்கள் லீற்றருக்கு ஓடும் தூரத்தை இன்னும் கூர்ந்து பார்ப்பார்கள்.

அப்படியென்றால் 500 கிலோமீற்றர் ஓடும் பல்சர்தானே வென்றது என்று மச்சான் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன், இருக்கையைச் சோதிக்கும்வரை.

இருக்கை: எங்கே நோகிறது, எப்போது நோகிறது

பல்சரில் போன நாள் பின்னால் இருந்த என் தங்கச்சி புதுக்குடியிருப்பிலேயே இறங்கி நிற்க வேண்டும் என்றாள். 50 கிலோமீற்றர்கூட ஆகவில்லை. பிறகு மாங்குளம், பிறகு வவுனியா. டாங்கியில் 500 கிலோமீற்றருக்குப் பெற்றோல் இருந்து என்ன, 50-க்கு ஒருமுறை நிற்கும் வண்டிக்கு?

அன்றைக்கு நாங்கள் இரண்டு எண்களைப் பக்கத்துப் பக்கத்தில் எழுதினோம். ஒன்று பெற்றோல் தூரம். மற்றது இருக்கைத் தூரம்: இருவரில் யாராவது ஒருவர் இறங்க வேண்டும் என்று முதலில் சொல்லும் வரையான கிலோமீற்றர். பெற்றோல் தூரம் இருக்கைத் தூரத்தின் மூன்று மடங்கு இருந்தால் பெற்றோலுக்காக நீங்கள் ஒருநாளும் தனியாக நிற்கமாட்டீர்கள். அதற்கு மேல் இருக்கும் ஒவ்வொரு லீற்றரும் முக்கால் கிலோ நிறையாக, அதுவும் உயரத்தில், உங்களோடு வரும். பெரிய டாங்கி தேடுவதைவிட இருக்கைத் தூரத்தை நீட்டுவதுதான் நெடும்பயணத்துக்குக் கூடப் பலன் தரும் என்பது என் முடிவு. அதனால் இந்தப் பகுதியை ஆறுதலாக வாசியுங்கள்.

கடையில் கையால் அமத்திப் பார்த்து மெத்தென்று இருக்கிறதா என்று பார்ப்போம். அங்கேதான் ஏமாறுவது. நாம் இருக்கும்போது உடம்பின் பாரம் முழுக்கச் சதையின் மேல் இல்லை, அடியில் இருக்கும் இரண்டு எலும்பு முனைகளில் இறங்குகிறது. ஒரு கல்லில் குந்தினால் அவற்றை நன்றாக உணரலாம். மெதுவான ஸ்பொஞ் பத்து நிமிடம் அந்த முனைகளைத் தாங்கும். பிறகு உடம்புச் சூட்டில் இளகி, அமுங்கி, எலும்பு அடித்தட்டில் போய் முட்டும். கொஞ்சம் கட்டியான, தட்டையான, அந்த இரண்டு முனைகளையும் ஏந்தும் அளவுக்கு அகலமான இருக்கை முதல் பத்து நிமிடம் பிடிக்காது, இரண்டாவது மணித்தியாலத்தில்தான் அதன் அருமை தெரியும்.

நோகும் இடம் எது என்பதைக் கவனித்தால் பிழை எங்கே என்று தெரிந்துவிடும்.

எலும்பு முனைகள் இரண்டும் எரிவுபோல் நொந்தால் ஸ்பொஞ் அமுங்கிவிட்டது. நாரியின் கீழ், வால் எலும்பு நொந்தால் கால் மிதி முன்னுக்கு இருக்கிறது என்று பொருள். குறூசர் வகை வண்டிகளில் கால் நீட்டி இருப்பது பார்க்க ஆறுதல்போலத் தெரியும். ஆனால் கால் எந்தப் பாரத்தையும் வாங்காததால், குழி விழும்போது அடி நேரே முதுகெலும்பில் ஏறும். உள்ளங்கையும் மணிக்கட்டும் விறைத்தால், பலரும் ஹாண்டிலைக் குறை சொல்வார்கள். அநேகமாகக் குற்றம் இருக்கையில்தான்: அது டாங்கியை நோக்கிச் சரிந்திருக்கும், நீங்கள் வழுக்காமல் இருக்கக் கையால் முட்டுக் கொடுத்துக்கொண்டே வருகிறீர்கள். தொடையின் உட்பக்கம் மரத்தால் இருக்கையின் முன்விளிம்பு அகலம் கூட. முழங்கால் நொந்தால் இருக்கைக்கும் மிதிக்கும் உள்ள உயரம் போதாது.

ஹிமாலயனில் கால் மிதி கிட்டத்தட்ட உடம்புக்கு நேர் கீழே. இருபது முப்பது கிலோமீற்றருக்கு ஒருமுறை அதில் அரை நிமிடம் எழுந்து நிற்கலாம், எலும்பு முனைகளுக்கு இரத்தம் திரும்ப ஓடும். அது ஒன்றே இருக்கைத் தூரத்தை எங்களுக்கு 50-இலிருந்து 90 கிலோமீற்றருக்குக் கொண்டுவந்தது. ஓடுபவருக்கு மட்டும். பின்னால் இருப்பவரால் எழும்ப முடியாது. ஆகவே பின்னிருக்கையைத் தனியாகப் பாருங்கள்: அகலம், பிடிக்கக் கைப்பிடி, கால் மிதி எவ்வளவு கீழே. ஓடுபவரைவிட ஒரு சாண் உயரத்தில், குறுகலாகச் சரிந்திருக்கும் பின்னிருக்கை உள்ள வண்டியில் இருவர் நெடுந்தூரம் போக முடியாது. சேலையோடு ஒருபக்கமாக இருந்து ஊருக்குள் போகலாம். 300 கிலோமீற்றருக்கு இருபக்கமும் கால் போட்டு, இரண்டு மிதியிலும் கால் ஊன்றி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாரி முறுகியபடியே வரும், வளைவில் வண்டியும் ஒருபக்கம் இழுக்கும்.

இருக்கையைத் திருத்தலாம், அதற்குப் புது வண்டி தேவையில்லை. குசன் அடிப்பவரிடம் கொண்டுபோய், மேலே மெத்தென்று ஒரு படை ஸ்பொஞ் போடச் சொல்லாதீர்கள். நான் முதல் தரம் அப்படிச் செய்வித்து, காசும் போய், முன்னையைவிடக் கெதியாக நோகத் தொடங்கியது. கேட்க வேண்டியது இது: றெக்சினைக் கழற்றி, எலும்பு முனைகள் படும் இடத்தில் பழைய ஸ்பொஞ்சை ஒரு அங்குல ஆழத்துக்கு வெட்டி, அந்த இடத்தில் துண்டுகளை அழுத்தி ஒட்டிய கட்டி ஸ்பொஞ்சைப் பதித்து, மேலே அரை அங்குல மெது ஸ்பொஞ். எந்த இடத்தில் வெட்டுவது என்று அவர் ஊகிக்கக்கூடாது. மெல்லிய காற்சட்டையோடு, இருக்கையில் சோக்குத் தூள் தடவி, ஓடும் நிலையில் ஐந்து நிமிடம் இருந்துவிட்டு எழும்பினால் இரண்டு வட்டம் தெரியும். அதை அவருக்குக் காட்டுங்கள். முன்னோக்கிய சரிவையும் அப்போதே மட்டமாக்கிக்கொள்ளுங்கள். தைக்கும்போது தையல் அந்த இரண்டு வட்டத்தின் மேல் வரக்கூடாது. றெக்சினை மேளத் தோல்போல் இறுக்கி இழுத்தால் கீழே எவ்வளவு நல்ல ஸ்பொஞ் இருந்தும் பயன் இல்லை. அமத்தினால் உள்ளே போகுமளவுக்கு விட வேண்டும். உயரம் கூடினால் இரண்டு காலும் நிலத்தில் ஊன்றுகிறதா என்று பாருங்கள். சாமானும் ஆளும் ஏறிய வண்டியைச் சரிந்த வீதியோரத்தில் ஒற்றை நுனிக்காலால் பிடிக்க முடியாது.

லொறிக்காரர்கள் போடும் மரமணி விரிப்பும் நல்லது. மெத்தென்று இருப்பதால் அல்ல, காற்றுப் போக விடுவதால். சித்திரை வெயிலில் றெக்சின் மேல் வியர்வை தேங்கித் தோல் உரிவதை அது தடுக்கும்.

காற்று: தலைக்கவசம் சொல்லும்

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. 60-இலிருந்து 80-க்கு ஏறினால் நெஞ்சில் படும் தள்ளல் ஒன்றே முக்கால் மடங்குக்கும் மேலாகிறது. வெறும் ஹாண்டில் உள்ள பல்சரில் 60-இல் தெரியாதது 80-இல் தோளையும் கழுத்தையும் இழுக்கும், லீற்றருக்கு ஓடும் தூரமும் குறையும். ஆகவே ஒரு கண்ணாடி மறைப்பு வேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றும்.

அதன் உயரம்தான் பிரச்சினை. மறைப்பின் மேல்விளிம்பில் காற்று பிரிந்து சுழலும். அந்தச் சுழல் நெஞ்சில் பட்டால் பெரிதாக ஒன்றும் இல்லை. தலைக்கவசத்தில் பட்டால் தலை அதிரும், காதில் இரைச்சல், ஒரு மணித்தியாலத்தில் தலையிடி. அரைகுறை உயரத்தில் உள்ள மறைப்பைவிட மறைப்பே இல்லாத வண்டி சிலருக்கு ஆறுதலாக இருப்பது இதனால்தான். டொமினாரில் யாரோ பூட்டியிருந்த மறைப்பு மச்சானின் உயரத்துக்குச் சரியாக நெற்றியில் காற்றை எறிந்தது. மாங்குளத்தில் இறங்கித் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, "அண்ணை, காதுக்குள்ள இன்னும் ஓடுது" என்றார். அதே மறைப்பு என்னைவிடக் கட்டையான அதன் சொந்தக்காரருக்கு ஒரு குறையும் இல்லை. அவரவர் உயரத்துக்கு அவரவர்தான் பார்க்க வேண்டும்.

சோதிப்பது இலகு. வாகனம் இல்லாத நேர் வீதியில் 70-இல் சீராகப் போங்கள், கனகராயன்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையில் நல்ல இடங்கள் உண்டு. கால் மிதியில் மெல்ல எழும்பித் தலையை நாலு விரல் உயர்த்துங்கள். இரைச்சல் குறைந்து, காற்று சுத்தமாக முகத்தில் பட்டால், மறைப்பு சுழலை உங்கள் தலைக்கு அனுப்புகிறது. அதைத் தாழ்த்த வேண்டும், அல்லது வெட்டிக் குறைக்க வேண்டும். பிறகு இருந்தபடியே நாலு விரல் குனியுங்கள். இப்போது அமைதியானால் மறைப்பு உங்களுக்குக் கட்டை, உயர்த்த வேண்டும். இரண்டிலும் மாற்றம் இல்லையென்றால் மறைப்பின் கீழே, வெளிச்சத்துக்கு மேல், ஒரு விரல் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் மறைப்புக்குப் பின்னால் வெற்றிடம் உண்டாகிக் காற்று உள்ளே இழுபட்டுச் சுழலும். எது எப்படியானாலும் மறைப்பின் மேலாக வீதி தெரிய வேண்டும். அதன் ஊடாகப் பார்த்து ஓடும் உயரம் வேண்டாம். மாலையில் குளக்கட்டுப் பக்கம் பூச்சி அடித்து, எதிரே வரும் லொறி வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாமல் போகும்.

மறைப்பைப் பெற்றோல் துணியால் துடைக்காதீர்கள். பொலிகாபனேற் என்றால் மயிர்போல் வெடிப்பு ஓடும். சவர்க்காரத் தண்ணீர் போதும்.

எங்கள் பக்கத்தில் பக்கக் காற்றும் ஒரு கணக்கு. வைகாசி முதல் ஆவணி வரை சோளகம் பிடித்தால், ஆனையிறவில் யாழ்ப்பாணம் நோக்கிப் போகும்போது இடப்பக்கத்தால் அடிக்கும். சங்குப்பிட்டிப் பாலத்திலும் மன்னார்ப் பாலத்திலும் மறைக்க ஒரு மரமும் இல்லை. உயரமான மறைப்பும் பின்னால் பெரிய பொக்ஸும் பாய்போல் காற்றைப் பிடிக்கும். எதிரே பஸ் வரும்போது அது முதலில் உங்களைத் தள்ளும், கடந்ததும் உள்ளே இழுக்கும். ஹாண்டிலை இறுக்கிப் பிடிப்பவருக்குத்தான் வண்டி கூட ஆடும். முழங்காலால் டாங்கியைப் பிடித்து, கையைத் தளர்த்தி, வேகத்தைக் குறையுங்கள். ஆனையிறவுக்குப் போய்ச் சோதிக்கச் சொன்னது இதற்குத்தான்: மூன்று வண்டியிலும் கூட அலைந்தது பெரிய பொக்ஸ் கட்டிய பல்சர். நிறை குறைந்த வண்டி, நிறை முழுக்கப் பின்னுக்கு.

இன்னொன்று வெயில். நெஞ்சை முழுக்க மறைக்கும் மறைப்பு மார்கழி வாடைக்கு நல்லது, சித்திரையில் அடுப்புக்குப் பக்கத்தில் இருப்பதுபோல் இருக்கும். வன்னியில் இருந்து ஓடுபவருக்கு நெஞ்சு பாதி மறையும் கட்டை மறைப்பே போதும் என்பது என் எண்ணம்.

சாமான்: எவ்வளவு பிடிக்கும் என்பதல்ல, எவ்வளவு தாங்கும்

ஆள் இருவர் என்றால் சாமானுக்கு மிச்சம் இருப்பது நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. வண்டியின் கையேட்டில் ஆகக்கூடிய மொத்த நிறையும் வெறும் வண்டியின் நிறையும் இருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவது ஆள், சாமான், பொக்ஸ், அதைப் பூட்டும் இரும்பு எல்லாவற்றுக்கும் சேர்த்த எல்லை. அது 170 கிலோ என்று வையுங்கள். மச்சான் 78, தங்கச்சி 62, இருவரின் தலைக்கவசம், சப்பாத்து 5. மிச்சம் 25. பூட்டும் இரும்பும் பக்கப் பெட்டிகளும் 12 கிலோ என்றால் உடுப்புக்கும் சீதனப் பலகாரத்துக்கும் 13 கிலோதான். இரும்புப் பெட்டிக்குப் பதில் துணிப் பக்கப்பை போட்டால் எட்டு ஒன்பது கிலோ மீளும். நாங்கள் அதைத்தான் செய்தோம். வீட்டில் ஆள் நிறுக்கும் தராசில் ஒவ்வொரு பையையும் வைத்து நிறுங்கள், கைக்கணக்கு பிழைக்கும்.

பாரமானவை கீழேயும் முன்னேயும் போக வேண்டும். பின்சில்லின் அச்சுக்குப் பின்னால் தொங்கும் ஒவ்வொரு கிலோவும் முன்சில்லைத் தூக்கும். முன்சில்லு இலகுவானால் 70-க்கு மேல் வண்டி வாலை ஆட்டத் தொடங்கும். முதலில் ஹாண்டிலில் மெல்லிய நடுக்கம், பிறகு பின்பக்கம் பாம்புபோல் நெளியும். அப்போது பிறேக்கை அமத்தாமல் அக்சிலேற்றரை மெல்ல விடுங்கள். பின் றாக்கில் அது தாங்கும் கிலோ அநேகமாகப் பொறித்திருக்கும், ஐந்து முதல் பத்துக்குள் இருக்கும். அதில் மழைச் சட்டை, உடுப்பு போன்ற பாரமில்லாதவை மட்டும். கருவிப் பை, ரியூப், தண்ணீர்ப் போத்தல் பக்கப்பையில் முன்மூலையில். இடமும் வலமும் ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் வேண்டாம்.

ஹிமாலயனின் டாங்கிக்கு இருபக்கமும் இரும்புச் சட்டம் வருகிறது. சின்னப் பைகளை அதில் கட்டினால் பாரம் முன்னுக்குப் போகும். மூன்றிலும் சாமானுக்கு எனக்குப் பிடித்தது இதுதான். பல்சரில் பக்கப்பை தொங்கவிட்டால் வலப்பக்கம் சைலன்சரில் தொடும். ஒருமுறை உடுப்புப் பை கருகி நாற்றம் வந்த பிறகுதான் தெரிந்தது. மூன்று விரல் இடைவெளி இல்லாவிட்டால் தகடு ஒன்று பூட்டி மறையுங்கள்.

பையின் நாடா நுனிகளை விடாதீர்கள். ஹொரவப்பொத்தானைக்கு முன்னால் என் பையின் தொங்கிய நுனி செயினுக்குள் போய்ச் சுற்றி, பின்சில்லு இறுகி, வண்டி வீதியில் கீறிக்கொண்டு நின்றது. வேகம் 40 என்பதால் விழவில்லை. இப்போது ஒவ்வொரு நுனியையும் மடித்து றபர் வளையம் போடுகிறேன். பை தண்ணீர் புகாது என்று விற்பார்கள். ஐப்பசி மழையில் இரண்டு மணித்தியாலம் ஓடினால் தையலால் ஊறும். உள்ளே கழுவிய உரப்பை ஒன்றைப் போட்டு அதற்குள் உடுப்பை வைத்தால் கவலை இல்லை.

சாமான் ஏறியதும் காற்றும் ஸ்பிறிங்கும் மாற வேண்டும். பின் ரயருக்கு ஆள் ஒருவர், இருவர் என்று இரண்டு அளவு வண்டியின் ஒட்டுத்தாளில் இருக்கும். இருவர் அளவைக் காலையில், ரயர் குளிர்ந்திருக்கும்போது போடுங்கள். ஓடிச் சூடான ரயரில் அளந்தால் கூடக் காட்டும், நீங்கள் பிழையாகக் குறைத்துவிடுவீர்கள். பின் ஸ்பிறிங்கின் இறுக்கத்தையும் இரண்டு படி கூட்டுங்கள். இல்லாவிட்டால் பின்பக்கம் இருந்துபோய், முன்வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும்.

மூன்றையும் பக்கத்தில் வைத்தால்

தனியாக ஓடுபவர், அதுவும் வேலைக்கும் அதே வண்டி என்றால் நான் இன்றும் பல்சர் போன்ற 150-ஐத்தான் சொல்வேன். இருக்கையைத் திருத்தி, கட்டை மறைப்பு ஒன்று போட்டால் அது எங்கேயும் போகும், திருத்தாத கராஜ் இல்லை. டொமினார் ஏறும் வேகத்துக்கு நல்லது. இருவரோடு முந்தும்போது அந்தப் பலம் தெரியும். ஆனால் 13 லீற்றரும், சாமான் கட்ட இடம் தேட வேண்டியதும் மச்சானுக்குப் பொருந்தவில்லை. ஹிமாலயன் நிறை கூட, இருக்கை உயரம் 800 மில்லிமீற்றர், மேலே பலமும் அவ்வளவு இல்லை. ஆனால் எழும்பி நிற்கலாம், சாமானைக் கீழே கட்டலாம், மறைப்பு ஏற்கெனவே இருக்கிறது. பெற்றோல் தூரம் 360, இருக்கைத் தூரம் திருத்திய பிறகு 110. மூன்று மடங்குக்கும் மேல். அவர் அதை எடுத்தார்.

முதல் பயணத்துக்கு விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிட்டோம், நான் என் வண்டியில் முறிகண்டி வரை கூடப்போனேன். வன்னியால் போகும் எல்லோரும் பிள்ளையாருக்கு அங்கே நிற்பார்கள், சாமான் கட்டிய வண்டிக்கும் அந்த இடம் சரியான இடம். முதல் பத்துப் பதினைந்து கிலோமீற்றரில்தான் நாடாக்கள் இளகும், பைகள் அமர்ந்து இடம் பிடிக்கும். தேங்காய் உடைத்துவிட்டு வந்து ஒவ்வொரு நாடாவையும் இழுத்தோம், இரண்டு இளகியிருந்தன. வலப்பக்கப் பையின் அடியைக் கையால் தொட்டுப் பார்த்தேன், சூடு இல்லை. தங்கச்சி கச்சான் சுருள் இரண்டு வாங்கி, டாங்கிப் பக்கப் பையில் வைத்தாள். அடுத்த நிற்பு வவுனியா தாண்டித்தான் என்று மச்சான் சொன்னார்.